யூரியா தீர்ந்துபோகும் நாட்களை எண்ணுங்கள்

சம்பா நடவு முடிந்து தூர் கட்டும் தருணத்தில் மேலுரம் இட யூரியா கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் உழவரிடம், "லோடு வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். பயிர் ஒரு வாரம் காத்திருக்காது. மேலிடத்தில் சரக்கு இல்லை என்பது சில சமயம் உண்மைதான். ஆனால் பல சமயம் கேட்க வேண்டிய நாளில் கேட்காததே காரணம். எது உண்மை என்பதைச் சங்கத்தின் இருப்புப் பதிவேடே சொல்லிவிடும்.

கணக்குக்காக ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். விடுமுறை நீக்கி 60 நாட்களில் 1,000 மூட்டை விற்றிருக்கிறது. லோடுக்கு 200 மூட்டை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 மூட்டை என்று வகுத்து, சரக்கு வர 6 நாள் ஆகும் என்று எண்ணி, இருப்பு 100 மூட்டைக்கு இறங்கியதும் செயலாளர் தேவைப் பட்டியல் அனுப்புகிறார். கேட்பதற்குச் சரியான கணக்காகத்தான் தோன்றுகிறது.

பதிவேட்டில் இருப்புப் பத்தியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தால் பிழை தெரியும். 60 நாட்களில் 20 நாள் இருப்பு பூஜ்யம். அந்த நாட்களில் விற்பனை இல்லையே தவிர, தேவை இல்லாமல் இல்லை. ஆகவே 1,000 மூட்டையை இருப்பு இருந்த 40 நாட்களால்தான் வகுக்க வேண்டும். நாளொன்றுக்கு 25 மூட்டை வருகிறது. 100 மூட்டை 4 நாளில் தீர்ந்துவிடும். பட்டியல் அனுப்பிய தேதியையும் லோடு இறங்கிய தேதியையும் ஒப்பிட்டால், ஐந்து முறையும் முறையே 6, 7, 9, 8, 10 நாட்கள் ஆகியிருக்கின்றன. ஐந்து முறையும் சரக்கு வருமுன் கிடங்கு காலி!

சராசரியான 8 நாளைக் கொண்டு 200 மூட்டையில் கேட்டாலும் ஐந்தில் இரண்டு முறை தட்டுப்படும். 10 நாளுக்கு 250 மூட்டை என்று வைத்தால் அந்த ஐந்து முறையும் தப்பியிருக்கலாம். லோடே 200 தான் என்பதால், கேட்டு இன்னும் வராத மூட்டைகளையும் இருப்போடு கூட்டிப் பார்த்தே 250 உள்ளதா என்று முடிவு செய்ய வேண்டும். இல்லையேல் ஒரே தேவைக்கு இருமுறை பட்டியல் போய்விடும்.

இது மேலுரப் பருவத்துக்கான அளவு. கோடையிலும் இதையே வைத்தால் பணம் முடங்கும், ஈரத்தில் யூரியா கட்டியாகிவிடும். லோடு வந்த முதல் நாள் விற்பனை மட்டும் மிக உயர்ந்திருந்தால், அது காத்திருந்தவர்களின் கூட்டம். அந்த நாளைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது. இரண்டு மூன்று மூட்டை மிஞ்சியிருக்கும் நாளையும் காலி நாளாகவே எண்ணலாம். பத்து மூட்டை கேட்டு வந்தவருக்கு அதனால் என்ன பயன்?

250-இல் கேட்டும் லோடு 15 நாள் வரவில்லையென்றால், குறை சங்கத்தில் இல்லை, ஒதுக்கீட்டில் இருக்கிறது. அதை வாதாட அந்தத் தேதிகளே சான்று. பட்டியல் அனுப்பிய நாள், லோடு வந்த நாள், காலி நாட்கள் ஆகிய மூன்றையும் அடுத்த பேரவைக் கூட்டத்தில் படித்துக் காட்டுமாறு உறுப்பினர்கள் கேட்கலாம்.