‘சம ஊதியம்’: பெருக்கிப் பார்க்க வேண்டிய ஒரு சொல்

விளையாட்டும் பாலினமும் குறித்த விவாதங்களில், இந்திய முன்னேற்றத்துக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2022 அக்டோபர் அறிவிப்பு. ஒப்பந்தத்திலுள்ள வீராங்கனைகளுக்கும் ஆண்களுக்கு நிகரான போட்டிக் கட்டணம் வழங்கப்படும் என்று இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அன்று அறிவித்தது. டெஸ்ட் போட்டிக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், இருபது ஓவர் போட்டிக்கு 3 லட்சம் ரூபாய். செய்திகளில் ‘போட்டிக் கட்டணம்’ விரைவிலேயே ‘சம ஊதியம்’ ஆயிற்று. மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இந்தச் சொல் மாற்றத்தை என்னால் எளிதாகக் கடந்து செல்ல முடியவில்லை. கட்டணம் என்பது ஓர் அலகின் விலை; ஊதியம் என்பது அவ்வலகு எத்தனை முறை கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே அமைவது.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் இந்திய ஆண்கள் 15 டெஸ்ட் போட்டிகளில் ஆடினர். பெண்கள் ஆடியது ஒன்றே ஒன்று: ஜூன் இறுதியில், சென்னை சேப்பாக்கத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. ஷபாலி வர்மா 205 ஓட்டங்கள் குவித்தார்; அணி 6 விக்கெட்டுக்கு 603 எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பெண்கள் டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் அறுநூறைத் தொட்டதில்லை. இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இனிக் கணக்குக்கு வருவோம். எல்லா டெஸ்டுகளிலும் களமிறங்கிய ஆணுக்குக் கட்டணமாக மட்டும் 2 கோடியே 25 லட்சம். பெண்ணுக்கு 15 லட்சம். விகிதம் சமம்; கிடைத்த தொகையோ பதினைந்தில் ஒரு பங்கு. இதில் ஆண்டு ஒப்பந்தம் சேரவில்லை. அறிவிப்பு வந்த காலத்தில் ஆண்களின் உச்சநிலை ஒப்பந்தம் 7 கோடி, பெண்களுடையது 50 லட்சம். அவ்வறிவிப்பு அதைத் தொடவே இல்லை.

பெண்கள் குறைவாக ஆடுகிறார்கள், அதனால் குறைவாகப் பெறுகிறார்கள் என்பார்கள். ஆனால் எத்தனை போட்டி ஆடுவது என்று தீர்மானிப்பவர் வீராங்கனை அல்லர். அட்டவணையை வகுப்பவை வாரியங்கள். 2014 நவம்பருக்குப் பின் 2021 ஜூன் வரை இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. உள்நாட்டில் மண்டலங்களுக்கு இடையிலான பலநாள் போட்டியும் 2018க்குப் பின் 2024இல்தான் மீண்டும் நடந்தது. சந்தையில் தேவை இல்லை என்ற வாதமும் இவ்வாறே. ஆண்களின் ஐபிஎல் 2008இல் தொடங்கியது. பெண்கள் பிரிமியர் லீக் வர 2023 ஆயிற்று. அதன் ஐந்து அணிகள் விற்பனைக்கு வந்தபோது 4,669.99 கோடி ரூபாய் திரண்டது. ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்குப் போனது. பதினைந்து ஆண்டுகள் சரக்கையே கடையில் வைக்காமல், வாங்க ஆளில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்றே இதைப் படிக்கிறேன். (வணிகமயமாதலை விடுதலையாகக் கொண்டாடவும் எனக்கு விருப்பமில்லை. அந்த உரிமையின் மதிப்பு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 7 கோடி. 2022இல் விற்ற ஐபிஎல் உரிமையிலோ அது நூறு கோடிக்கு மேல். புதிய படிநிலையைச் சந்தை தானே கட்டிக்கொள்கிறது.)

தேசம் இதில் எங்கே நுழைகிறது என்பதற்கும் மொழியே தடயம் தருகிறது. ‘இந்திய அணி’ என்றால் ஆண்கள். பெண்களுக்கு ‘மகளிர்’ என்ற அடை வேண்டும். ஆண்கள் முன்னே வந்தார்கள், அதனால் அடை தேவைப்படவில்லை என்பது பொருந்தாது. கிரிக்கெட்டின் முதல் உலகக் கோப்பையே பெண்களுடையது: 1973, இங்கிலாந்து. ஆண்களுடையது 1975. அடையைத் தீர்மானிப்பது காலவரிசை அன்று, உரிமை.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று ஹர்மன்பிரீத் கவுர் அணி உலகக் கோப்பையைப் பெற்றபோது, அந்த அடை சில நாட்களுக்கு உதிர்ந்தது. உடனே ‘தேசத்தின் மகள்கள்’ என்னும் உறவுப்பெயர் அவ்விடத்தை நிரப்பியது. 2024இல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற ஆண்களை ‘மகன்கள்’ என்றழைத்த தலைப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை, அவர்கள் சாம்பியன்கள். வாரியம் அன்று அறிவித்த பரிசு 125 கோடி, பெண்களுக்கு அறிவித்தது 51 கோடி. 51 கோடி சிறு தொகை அன்று. பெண்கள் கிரிக்கெட்டில் அதுவரை காணாதது. ஆனால் உறவுப்பெயருக்கு ஒரு பொருளாதாரம் உண்டு. மகளுக்குச் சீர் செய்வோம். அவள் ஊதியம் கேட்டால் முகம் சுளிப்போம். சீர் கொடுப்பவரின் மனத்தையும் அன்றைய வெற்றியையும் பொறுத்தது. போட்டிகளின் எண்ணிக்கையோ தோற்ற ஆண்டிலும் வீராங்கனைக்குச் சோறு போடுவது.

ஆகவே ‘சம ஊதியம்’ பற்றி எழுதும் நண்பர்கள் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்தில் அவ்வாண்டின் ஆட்ட அட்டவணையையும் வைத்து எழுதுங்கள். முதலில் எண்ண வேண்டியது டெஸ்ட் போட்டிகளை. கட்டணம் மிகுதியாக இருப்பதும், பெண்களுக்கு அரிதாகக் கிடைப்பதும் அங்கேதான்.