‘நாங்க ஆர்டரே போடலையே!’

மதுரையில் ஒரு மின்பொருள் மொத்தக் கடை. காலை பத்தரை மணிக்கு உசிலம்பட்டியிலிருந்து போன் வருகிறது. “அண்ணே, நம்ம கடைக்கு வயர் பண்டல் வந்து இறங்கியிருக்கு. நாங்க ஆர்டரே போடலையே!” போனை எடுத்தவருக்கு விவரம் தெரியாது. இரண்டு நாள் முன்பு ஆர்டர் எழுதியவர் இன்று லீவு. பில்லில் இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 90 மீட்டர் சுருளாக 20 காயில். காயில் 2,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 52,000 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 61,360 ரூபாய். தொகையும் பொருளும் உதாரணத்துக்காகச் சொன்னவை. ஆனால் மொத்த வியாபாரம் நடக்கிற தெருக்களில் இந்தப் பேச்சைக் கேட்காத கடை இருக்காது.

போனை எடுத்தவர் முதலில் என்ன சொல்கிறார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. “எங்க பையன் எழுதியிருக்கானே” என்றால் வாடிக்கையாளரைப் பொய்யர் ஆக்குகிறார். “பையன் தப்பா எழுதியிருப்பான், மன்னிச்சுக்கங்க” என்றால் விசாரிக்காமலே சக ஊழியரைக் காட்டிக்கொடுக்கிறார். பின்னால் ஆர்டர் உண்மை என்று தெரிந்தால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டுமே தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பேசுவது. அந்த நேரத்தில் கேட்க வேண்டியது வேறு: சரக்கைப் பிரித்தாகிவிட்டதா, ஏதாவது விற்றுப் போனதா, உங்கள் கடையிலிருந்து வழக்கமாகப் போன் செய்கிறவர் யார் யார்? “பிரிக்காம அப்படியே வைங்கண்ணே. மத்தியானத்துக்குள்ள விசாரிச்சுக் கூப்பிடுறேன்” என்று நேரம் சொல்லி வைத்துவிட வேண்டும். சொன்ன நேரத்தில் கூப்பிடவும் வேண்டும்.

பிரிக்காமல் வைக்கச் சொல்வதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 42-ஆவது பிரிவின்படி, வந்த சரக்கை வாங்கியவர் தன் சொத்துபோலக் கையாண்டாலோ, மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். ஆகவே ஒரு காயிலைப் பிரித்து விற்றிருந்தால் பேச்சே வேறு. வந்த அன்றே போன் செய்து மறுத்தவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அடுத்தது லீவில் இருக்கும் ஊழியர். “நீ ஆர்டர் எடுத்தியா?” என்று கேட்டால் “ஆமா” என்ற ஒரே பதில்தான் வரும், தன் மேல் பழி வருகிறது என்று தெரிந்தவர் வேறென்ன சொல்வார்? வாடிக்கையாளர் மறுப்பதைச் சொல்வதற்கு முன்பே, எந்த நம்பரிலிருந்து வந்தது, யார் பேசினார், முதலில் என்ன கேட்டார், கடைசியாக என்ன சொல்லிப் போனை வைத்தார் என்று அவர் நினைவிலிருப்பதைச் சொல்ல விட வேண்டும். கூடவே கடைப் போனின் அழைப்புப் பட்டியலையும் பார்க்க வேண்டும். நாற்பது விநாடிப் பேச்சில் நிறம்வாரியாக 20 காயில் முடிவாகியிருக்க வாய்ப்புக் குறைவு.

நம் உதாரணத்தில் கதை இப்படி வெளிவருகிறது. அழைப்பு உசிலம்பட்டிக் கடை நம்பரிலிருந்தே வந்திருக்கிறது. பேசியவர் முதலாளியின் மச்சினன், கல்லாவைப் பார்த்துக்கொள்பவர். செம்பு விலை ஏறிக்கொண்டிருந்ததால் ரேட் கேட்டிருக்கிறார். 2,600 என்றதும், “சரி, இருபது எடுத்து வைங்க” என்றிருக்கிறார். அன்றைய விலையில் ஒதுக்கி வைக்கச் சொன்னதாக அவர் நினைத்தார். பார்சலில் ஏற்றச் சொன்னதாக இவர் எழுதினார். முதலாளிக்கு இரண்டுமே தெரியாது. மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. இந்தத் தகராறுகளில் பெரும்பங்கு இப்படி விலை விசாரிப்புக்கும் ஆர்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பிறப்பவைதான். அந்த இடைவெளியைத் தேடாமல் குற்றவாளியைத் தேடுகிற கடை வாடிக்கையாளரையோ ஊழியரையோ இழக்கும்.

பொய்யே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அதைக் கண்டுகொள்ள நல்ல அடையாளம் சந்தை விலை. ஆர்டர் எழுதிய நாளுக்கும் சரக்கு இறங்கிய நாளுக்கும் இடையில் விலை இறங்கியிருந்தால், பழைய விலையில் மாட்டிக்கொள்ளாமல் நழுவ வாடிக்கையாளருக்குக் காரணம் இருக்கிறது. இங்கே விலை ஏறுமுகம். பழைய விலைக்கு வந்த சரக்கை வேண்டாம் என்பதால் நஷ்டம் அவருக்குத்தான். அவர் சொல்வதை நம்பலாம். அது மட்டுமல்ல, திரும்பி வரும் சரக்கை மதுரைக் கடை புதிய விலைக்கு விற்றுக்கொள்ளும். போவது வண்டிக் கூலி மட்டும்.

போனில் வாய்வார்த்தையாகச் சொன்ன ஆர்டர் சட்டப்படி செல்லுமா என்று பலர் கேட்பதுண்டு. செல்லும். 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே வாய்மொழி விற்பனை ஒப்பந்தத்தை ஏற்கிறது. 1959-இல் அகமதாபாத் நிறுவனம் ஒன்றும் காம்காவ் ஆலை ஒன்றும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்காக டிரங்க் காலில் பேசி முடித்த பேரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த வழக்கில், கேட்டவரின் காதில் சம்மதம் விழுந்த இடமே ஒப்பந்தம் உருவான இடம் என்று 1965-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. போன் பேச்சில் ஒப்பந்தம் பிறக்கும் என்பதில் ஐயமில்லை.

நிரூபிப்பதுதான் கடினம், அந்தச் சுமை விற்றவருடையது. கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டுமே இன்னொருவர் தலையில் கடனைச் சுமத்தப் போதாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அதையே சொல்கிறது. மச்சினன் முன்பும் பலமுறை ஆர்டர் சொல்லி, முதலாளி பணம் கட்டியிருந்தால், ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 237-ஆவது பிரிவு விற்றவர் பக்கம் நிற்கும். ஆனால் 61,360 ரூபாய்க்காக, மாதாமாதம் சரக்கெடுக்கும் கடையை நீதிமன்றத்துக்கு இழுக்க எந்த வியாபாரியும் விரும்பமாட்டார்.

எனவே மத்தியானம் போகிற போனில் சொல்ல வேண்டியது இது: “உங்க கடை நம்பர்ல இருந்துதான் வந்திருக்குண்ணே, உங்க மச்சான் ரேட் கேட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்காரு. நம்மாளு அனுப்பச் சொன்னதா எழுதிட்டாரு. வேணுங்கிறத அந்த விலைக்கே வச்சுக்கங்க, மீதிய நாங்க எடுத்துக்கிறோம்.” நடந்தது நடந்தபடி, யாரையும் குற்றம் சொல்லவில்லை. பத்துக் காயிலையாவது அவர் வைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. திரும்பும் சரக்கின் வண்டிக் கூலியை மொத்தக் கடை ஏற்பதே நியாயம், ஏனென்றால் “அனுப்பட்டுமா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டது அவர்கள் பக்கம். பில்லையும் அன்றே சரிசெய்துவிட வேண்டும். மின்-ரசீது போடும் கடையென்றால் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே அதை ரத்து செய்யலாம். தாண்டிவிட்டால் திரும்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடமும் உண்டு. கேட்ட நீளத்துக்கு வெட்டிய கேபிள், கேட்ட நிறத்துக்குக் கலந்த பெயின்ட், கடைப் பெயர் அச்சிட்ட பை போன்றவை வேறு யாருக்கும் ஆகாதவை. இவற்றைப் போன் பேச்சை மட்டும் நம்பித் தொடங்கவே கூடாது. முன்பணம் வந்த பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும்.

மற்ற சரக்குக்கு, போனை வைக்குமுன் பொருள், அளவு, விலை, அனுப்பும் நாள், பேசியவர் பெயர் ஐந்தையும் திருப்பிச் சொல்லி, முதலாளியின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும். சிக்கல் எங்கே என்றால், கடைத்தெருவில் பாதிப் பேர் அந்த வரிக்குப் பதில் போடுவதில்லை. பதில் இல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். ஆகவே பதில் வராத ஆர்டருக்குச் சரக்கை ஒதுக்கலாம், பில் போடக்கூடாது. பார்சல் வண்டி புறப்படும் முன் ஊழியர் இன்னொரு முறை கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.