வேலையில்லாதவனுக்குக் கூலியா?

திமிரித் தோல் பதனிடும் சாலை மேலாளர் ஒருவர், தாம் இடைநீக்கம் செய்த தொழிலாளியைக் குறித்து, “கைநனையாதவனுக்குக் கூலி எதற்கு? விசாரணை முடியட்டும், பார்க்கலாம்” என்று வாதித்தார். நியாயம்போல் தொனிக்கும் இவ்வாக்கு, வேலையை மறித்தவர் யார் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறது. வாயிற்கதவைச் சாத்தியவர் அவரேயன்றோ?

1981-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டப்படி, இடைநீக்கத்தின் முதல் 90 நாள்களுக்குப் பாதி ஊதியமும், அதன்பின் 180-ஆம் நாள் வரை முக்காலும், அதற்குமேல் முழு ஊதியமும் தரவேண்டும். மாதம் 12,000 ரூபாய் பெற்றவனுக்கு முறையே 6,000, 9,000, 12,000. விசாரணையில் தாமதம் தொழிலாளியாலேயே நேர்ந்ததாயின் பாதியாகவே நிற்கும். இடைநீக்கத்துக்கு உச்சவரம்பை இச்சட்டம் விதிக்கவில்லை. ஆயினும் வேலையே வாங்காமல் முழுக்கூலி கொடுக்கும் நிலைக்கு முதலாளியைத் தள்ளி, விசாரணையைத் துரிதப்படுத்துகிறது.

அவ்வூதியத்தை நிறுத்தினால் விசாரணையே பழுதுபடக்கூடும். கோலார் தங்கவயல் பாதுகாப்பு அதிகாரி பால் அந்தோணி, அது கிட்டாமல் கேரளத்திலிருந்து பயணம் செய்து விசாரணைக்கு வர இயலாதிருக்க, அவரில்லாமலே நடந்த விசாரணையை 1999-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மேலாளர் மிச்சம்பிடிக்கப் பார்ப்பது இந்தப் பணத்தைத்தான்.