மஞ்சம் கேட்டால் கட்டில் வருகிறது

இணுவிலில் காங்கேசன்துறை வீதியோடு ஒரு புடவைக்கடை இருக்கிறது. கடைக்கார அண்ணைக்குத் தைப்பொங்கலில் இருந்து தைப்பூசம் வரை மலிவு விற்பனை போட வேணும். வாசலுக்கு மேலே கட்ட 10 அடி நீளம், 4 அடி உயரத்தில் ஒரு பனர் தேவை. எங்களில் ஒருத்தருக்கு அவர் சொந்தம் எண்டபடியால் கதை எங்களிட்ட வந்தது.

"வழமையாச் செய்யிற பெடியன் டிசைனுக்கு மட்டும் மூவாயிரம் கேக்கிறான். போனில கேட்டா ஏஐ சும்மா கீறித் தருதாம். பேந்தேன் நான் காசு குடுப்பான்?"

நியாயமான கேள்விதான். கலைப்பீடத்தில் இருந்துகொண்டு "கலையைக் காப்பாற்றுங்கோ அண்ணை" எண்டு சொல்லுறது லேசு. கடை வாடகை கட்டுறது அவர்தானே. அதனால் ஒரு பின்னேரம் முழுக்க அவரோடையே இருந்து செய்து பார்த்தோம். எங்கட முடிவை முதலே சொல்லிவிடுகிறோம்: இந்த வேலைக்கு அந்தப் பெடியனுக்குக் காசு குடுக்கத்தான் வேணும். ஆனால் நாங்கள் நினைச்சிருந்த காரணம் வேறு, அண்டைக்குக் கண்டுபிடிச்ச காரணம் வேறு.

அண்ணையின்ர ஆசை பெரிசில்லை. ஒரு பக்கம் பொங்கல் பானை, மற்றப் பக்கம் இணுவில் கந்தசுவாமி கோயில் மஞ்சம், நடுவில் "தைப்பொங்கல் மலிவு விற்பனை – 30% வரை விலைக்கழிவு". தைப்பூசத்துக்கு மஞ்சம் வெளிவாறது ஊருக்கே பெரிய நாள். பெரிய சந்நியாசியார் செய்வித்த அந்த மஞ்சத்தை, அடுக்கடுக்காய் ஏறும் அதன் மரச்சிற்பங்களை, இஞ்ச எந்தக் குழந்தையும் தூரத்தில் கண்டே அடையாளம் சொல்லும்.

நாங்கள் "மஞ்சம்" எண்டு எழுதினோம். பூமாலை தொங்கவிட்ட ஒரு கட்டில் வந்தது.

சிரிச்சு முடிய யோசிச்சோம். அகராதியில் மஞ்சம் எண்டால் கட்டில்தான். "கோயில் தேர்" எண்டு மாத்திக் கேட்க, சிவப்பு மஞ்சள் சீலை சுத்தின, பூரி ஜெகந்நாதர் தேர் மாதிரி ஒண்டு வந்தது. இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான படங்களையும், அவற்றோடு எழுதியிருந்த குறிப்புகளையும் சேர்த்துப் படிச்சவை. தேர் எண்டு குறிப்பெழுதின படங்களில் எது கூடவோ அதுதான் அவைக்குத் தேர். இணுவில் மஞ்சத்தின் படங்கள் நெற்றில் இருக்கிறது கொஞ்சம். அதுக்குக் கீழே "இது மஞ்சம்" எண்டு எழுதியிருக்கிறது அதிலும் கொஞ்சம். உலகத்திலேயே இணுவிலுக்கு மட்டும் சொந்தமான ஒண்டை, அதிகம் கண்டதைத் திருப்பித் தாற கருவியிட்டக் கேட்டால் இதுதான் கிடைக்கும்.

அண்ணை அதுக்கு மசியேல்லை. "தேரெண்டாலும் பரவாயில்லை, வடிவாத்தானே கிடக்கு" எண்டார். உண்மை, படம் வடிவுதான். பானையில் பால் பொங்குறது, பின்னால் வெயில் விழுறது எல்லாம் கண்ணைப் பறிக்கும். சிக்கல் எழுத்தில்தான் தொடங்கினது.

முதல் படத்தில் "விலைக்கழிவு" எண்ட சொல்லில் க் மேலே புள்ளி இல்லை. ழி இருந்த இடத்தில் தமிழே இல்லாத ஒரு வளைவு. இரண்டாவதில் அது சரி, ஆனால் "மலிவு" போய் "மலிவ" ஆகிவிட்டது. மூன்றாவதில் சொல்லெல்லாம் சரி மாதிரி இருந்தது, 30% மட்டும் 80% ஆய் நிண்டது. 80 வீதம் கழிவு எண்டு பனர் கட்டினால் அண்ணை கடையைப் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான்.

ஏன் இப்பிடி? நாங்கள் ரைப் பண்ணும்போது கணினிக்கு "ழி" எண்டால் ழ எண்ட எழுத்தும் அதோட சேருற இகரக் குறியும். இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கு, எழுத்துருவில் அவைக்கு வடிவம் இருக்கு. படம் கீறும் கருவிக்கோ எழுத்தும் பானையும் ஒண்டுதான். இரண்டும் நிறப்புள்ளிகளின் கூட்டம். பானையின் விளிம்பு கொஞ்சம் நெளிஞ்சால் அது வேறு பானை, அவ்வளவுதான். ழ-வின் சுழி நெளிஞ்சால் எழுத்தே இல்லை. எங்களுக்கு உயிர்மெய் மட்டும் 216. அதிலும் "பொ" மாதிரி ஒரு குறி முன்னுக்கும் ஒண்டு பின்னுக்கும் வரும். ஆங்கிலம் இவைக்கு இப்ப நல்லாய் வருது, தமிழில் சின்னச் சொல்லுகளும் சில நேரம் சரியாய் வருது. ஆனால் "சில நேரம் சரி" எண்டதை நம்பிப் பனர் அடிக்கேலாது.

ஆங்கிலத்திலேயே இது எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்கு 2024 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்ததைப் பாருங்கோ. வில்லி வொங்கா கதையை வைச்சு ஒரு சிறுவர் நிகழ்ச்சி, ரிக்கற் 35 பவுண்ஸ் வரை. விளம்பரம் முழுக்க ஏஐ கீறின இனிப்பு உலகம். அதில் ஆங்கிலத்திலேயே இல்லாத சொல்லுகள் கனக்க. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர் கண்டது ஏறக்குறைய வெறுமையான ஒரு கிடங்கு. பொலிஸ் வருமளவுக்குப் போய் நிகழ்ச்சி நிண்டது. அந்தப் பிழைச் சொல்லுகளை ஒராள் இருந்து வாசிச்சிருந்தால், படத்துக்கும் கிடங்குக்கும் இருந்த தூரமும் சில வேளை கண்ணில் பட்டிருக்கும்.

எங்கட கதைக்கு வருவோம். எழுத்துப் பிழையைவிட எங்களை யோசிக்க வைச்சது, அதைத் திருத்த ஏலாமல் இருந்ததுதான். "80-ஐ 30 ஆக்கு" எண்டு சொன்னால் 30 வந்தது, ஆனால் பானையின்ர நிறமும் மாறி, முதல் சரியாய் இருந்த "விற்பனை"யில் ஒரு ற் காணாமல் போனது. எல்லாம் ஒரே படமாய் உறைஞ்சு கிடக்குது. ஒரு எழுத்தைத் தொட மற்றதெல்லாம் குலையுது. டிசைனர் செய்யிற கோப்பில் பானை ஒரு அடுக்கு, பின்னணி ஒரு அடுக்கு, எழுத்து வேறொரு அடுக்கு. 30-ஐ 40 ஆக்க ஒரு நிமிசம் போதும். அடுத்த சித்திரை வருசத்துக்கு அதே கோப்பில் பானையை எடுத்துவிட்டு வேறொண்டு வைக்கலாம்.

பிறகு அளவு. எங்களுக்கு வந்த படம் 1536 புள்ளி அகலம், 1024 புள்ளி உயரம். அதை 10 அடிக்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் சதுரம். பானைக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, ரோட்டுக்கு அங்கால நிண்டு பாக்கிறவைக்குத் தெரியாது. எழுத்தின் ஓரம் மட்டும் படிக்கட்டு மாதிரித் தெரியும். அதோட எங்கட பனர் ஐந்துக்கு இரண்டு, படம் மூன்றுக்கு இரண்டு. அகலத்தைப் பொருத்தினால் உயரத்தில் 40 வீதம் வெட்ட வேணும். தேரின்ர முடியும் அடுப்பும் போகும். டிசைனர் ரைப் பண்ணின எழுத்து புள்ளியால் ஆனதில்லை, கோடுகளின் கணக்கு; 10 அடிக்கும் 100 அடிக்கும் ஒரே கூர்மை.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். பிளெக்ஸ் அடிக்கச் சதுர அடிக்கு 120 ரூபா எண்டு வைச்சால், 40 சதுர அடிக்கு 4800. ஒரு எழுத்துப் பிழையோடு அடிச்சுக் கட்டினால் திரும்ப 4800. டிசைனுக்கு மிச்சம் பிடிச்ச மூவாயிரம் ஒரே பிழையில் போய், மேலே 1800-உம் போகும். இதைக் கேட்டபிறகுதான் அண்ணை கதிரையை இழுத்து வடிவாய் இருந்தார்.

டிசைனர்மாருக்காக வக்காலத்து மட்டும் வாங்க நாங்கள் வரேல்லை. எங்கட பக்கத்துப் பனர்களைப் பாருங்கோ. நெற்றில் இறக்கின வட இந்தியத் தீபாவளிப் படம், யாரோ ஒரு நடிகையின்ர சாறிப் போட்டோ, மூலையில் மங்கலாய்க் கிடக்கும் வேறாளின்ர பெயர். பாமினியில் ரைப் பண்ணிப் பழகினவைக்கு, வட்ஸ்அப்பில் யுனிகோட்டில் வாற வசனத்தை அப்பிடியே ஒட்டேலாது. திரும்ப ரைப் பண்ணுவினம், அதில் பிழை வரும். சில பேர் இப்ப ஏஐ படத்தைப் போட்டுவிட்டு முழுக் காசும் வாங்குகினம். கருவி செய்யிற அதே வேலையைச் செய்துகொண்டு மூவாயிரம் கேட்டால், அண்ணையின்ர கேள்விக்கு மறுமொழி இல்லை.

இன்னொண்டையும் சொல்லுவினம்: "பிளெக்ஸ் வந்து, தூரிகையால் துணியில் பனர் எழுதினவையின்ர வேலை போகேக்க ஆர் கவலைப்பட்டது?" சரிதான், அந்தக் கை எழுத்துகள் போனது இழப்புத்தான். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகும் கடைக்கும் பனருக்கும் நடுவில் தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒராள் இருந்தார். பிழையெண்டால் போய்க் கேக்க ஒரு கதவு இருந்தது. இப்ப எடுத்துவிடப் பார்க்கிறது அந்த ஆளை.

அதால்தான் சொல்லுறம், அண்ணை காசு குடுக்கிறது படத்துக்கில்லை. திருத்தக்கூடிய ஒரு கோப்புக்கும், பிழைக்குப் பொறுப்பு எடுக்கிற ஒராளுக்கும்தான். அப்பிடியெண்டால் கேக்க வேண்டியதும் அதுவே. அண்ணை அந்தப் பெடியனிட்ட இப்பிடிக் கேட்டார்: அடுக்குக் குலையாத மூலக்கோப்பையும் தா, எழுத்து முழுக்க ரைப் பண்ணினதாய் இருக்க வேணும், அடிக்க முதல் ஏ4 தாளில் ஒரு பிரதி தா, அதில் உள்ள பிழை உன்ர, நான் கையெழுத்துப் போட்டபிறகு வாற பிழை என்ர. பெடியன் கொஞ்சம் யோசிச்சு ஓமெண்டான். பதிலுக்கு அவனும் ஒண்டு கேட்டான்: வசனத்தை பத்து நாளுக்கு முதல் முழுசாய்த் தாங்கோ அண்ணை, இரவு பதினொரு மணிக்கு வொய்ஸ் போட்டு மாத்தாதேங்கோ.

சாறிப் படம் கடையிலேயே எடுத்தது. கருவி கீறின சாறி கடையில் இல்லை, அதைப் பாத்து வாறவை "அந்தச் சாறி எங்க?" எண்டால் என்ன சொல்லுறது? அலுமாரியில் அடுக்கியிருந்ததில் ஐந்தை வெளியில் கொண்டுவந்து, காலமை வெயிலில் போனால் எடுத்தோம். மஞ்சத்துக்கு, போன வருசத் தைப்பூசத்தில் ஊர்ப் பெடியன் ஒருத்தன் எடுத்த போட்டோ. அவனிட்டக் கேட்டு, ஆயிரம் ரூபா குடுத்து, பெயரையும் கீழே சின்னனாய்ப் போட்டது. பானையின் பின்னால் இருக்கிற வெயில் நிறப் பின்னணி மட்டும் ஏஐ கீறினது. அதில் எழுத்தும் இல்லை, எங்கட ஊரும் இல்லை, அதால் பிழையும் இல்லை.

ஏ4 பிரதியை அண்ணை மூன்று தரம் பார்த்து "எல்லாம் சரி" எண்டார். தானே சொன்ன வசனம் எண்டபடியால் அவரின்ர கண் பிழையைத் தாண்டிப் போகுது. உள்ளுக்கிருந்து வந்த அக்கா எழுத்தெழுத்தாய் விரல் வைச்சு வாசிச்சா. "தைப்பொங்கலுக்குப் ப் எங்க?" எண்டு கேட்டா. பெடியன் போனிலேயே சிரிச்சுக்கொண்டு, இரண்டு நிமிசத்தில் திருத்தி அனுப்பினான்.