குமிழிக்குக் கீழே இருக்கும் ஈரம்

நமக்கு வரும் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது: நிறைப்பாய்வுக் கட்டுப்படுத்தி, அதாவது எம்எஃப்சி, சோப்புப் படல மீட்டரைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்யப்பட்டது. அதோடு சரி. குழாயின் வெப்பநிலை என்ன, அன்றைய காற்றழுத்தம் என்ன, நீராவிக்குக் கழித்தார்களா என்று எதுவும் இருப்பதில்லை. கேட்டு எழுதினால் வெப்பநிலைத் திருத்தம் செய்ததாகப் பதில் வரும். நீராவிதான் விட்டுப்போயிருக்கும். நம் ஊர் வெயிலில் விடக்கூடாதது அதுவே.

எம்எஃப்சி காட்டும் எஸ்சிசிஎம் என்பது, குறித்த ஒரு வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மாற்றிச் சொல்லப்பட்ட பாய்வு. குறைக்கடத்தித் துறையின் செமி தரம் அதை 0 டிகிரி, 101.325 கிலோபாஸ்கல் என்று வைத்திருக்கிறது. 20 அல்லது 25 டிகிரியை அடிப்படையாக வைக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. 0-வுக்கும் 25-க்கும் இடையே 9 சதவீத வித்தியாசம் வரும் என்பதால், குழாயை மாட்டும் முன்பே கருவியின் கையேட்டைப் புரட்டி இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோப்புப் படலமோ இது எதையும் அறியாது. அந்த நேரத்து வெப்பத்தில், அந்த ஊர் அழுத்தத்தில், தனக்குக் கீழே சேர்ந்த மொத்த வாயுவும் எவ்வளவு இடம் கேட்கிறதோ அவ்வளவு உயரும். அந்த மொத்தத்தில் சோப்புக் கரைசலிலிருந்து ஆவியான நீரும் அடக்கம். எனவே கணக்கு இப்படி வரும்:

```
Qs = (V/t) × (Pa − Pw)/101.325 × 273.15/T
```

V குழாயின் இரு கோடுகளுக்கு இடையிலான கொள்ளளவு, t படலம் அதைக் கடக்க எடுத்த நேரம், Pa காற்றழுத்தம், Pw அந்த வெப்பநிலையில் நீரின் நிறை ஆவியழுத்தம், T கெல்வினில் வாயுவின் வெப்பநிலை. அழுத்தங்கள் கிலோபாஸ்கலில்.

கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 30 டிகிரி, பாரோமீட்டர் 96.6 கிலோபாஸ்கல். எம்எஃப்சியை நைட்ரஜனில் 100 எஸ்சிசிஎம்முக்கு வைத்திருக்கிறோம். அடிப்படை 0 டிகிரி. படலம் 100 மில்லிலிட்டரை 50.3 விநாடியில் கடக்கிறது. அப்படியானால் அங்குள்ள நிலையில் பாய்வு நிமிடத்துக்கு 119.3 மில்லிலிட்டர். நீராவியை மறந்து, வெப்பநிலையையும் அழுத்தத்தையும் மட்டும் திருத்தினால் 102.5 கிடைக்கும். 30 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 4.25 கிலோபாஸ்கல், அதைக் கழித்துப் பார்த்தால் 98.0. முதல் விடையை நம்பியவர் கருவி இரண்டரை சதவீதம் கூடுதலாக விடுகிறது என்று குறைப்பார். உண்மையில் அது இரண்டு சதவீதம் குறைவாகத்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. திருத்தப் போய்ப் பிழையை இரட்டிப்புக்கும் மேலாக்கிவிடுகிறோம்.

சரி, Pw-ஐக் கழித்துவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. கழிக்கும்போது நாம் ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம்: படலத்துக்குக் கீழே உள்ள வாயு முழுக்க ஈரம் ஏறியிருக்கிறது என்று. சிலிண்டரிலிருந்து வரும் நைட்ரஜன் முற்றிலும் உலர்ந்தது. மெதுவாகப் போனால் நனைந்த சுவரிலிருந்தும் அடியில் நிற்கும் கரைசலிலிருந்தும் வேண்டிய நீரை எடுத்துக்கொள்ள நேரம் இருக்கும். வேகமாகப் போனால் பாதி ஈரத்தோடு படலத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மேலே சொன்ன கணக்கிலேயே வாயு துளி ஈரமும் ஏறாமல் போயிருந்தால் படலம் 52.6 விநாடி எடுத்திருக்கும். முழுக்க ஏறியிருந்தால் 50.3. இடையில் எந்த எண் வந்தாலும், அது கருவியின் பிழையா, ஈரத்தின் குறையா என்று ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதன் விளைவு இன்னொரு இடத்தில் வேடம் போட்டுக்கொண்டு வரும். 20 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை ஐந்து இடங்களில் அளந்து வரைபடம் போடுகிறோம். பிழை எல்லா இடத்திலும் ஒரே எஸ்சிசிஎம்மாக இருந்தால் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. இருபக்க வால்வையும் மூடி, கருவி சூடேறி நிலைத்த பின் பூஜ்யத்தைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். ஒரே சதவீதமாக இருந்தால் ஸ்பான், அல்லது அடிப்படை வெப்பநிலைக் குழப்பம். ஆனால் கீழ்ப்பாய்வில் நேராக வந்து, மேலே போகப் போகக் குறைவாக விடுவது போல வளைந்தால், கருவியின் நேர்கோட்டுத்தன்மையைச் சந்தேகிக்கும் முன் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மேல்பாய்வில் இல்லாத நீராவிக்கும் சேர்த்துக் கழித்திருப்போம்.

இதற்குப் பரிகாரம் எளிது. எம்எஃப்சிக்கும் குழாய்க்கும் நடுவே தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்து, வாயுவை அதன் வழியே விட்டு முழு ஈரத்தோடு அனுப்பிவிடலாம். ஒரே பாய்வில் பாட்டிலோடும் பாட்டில் இல்லாமலும் அளந்து பாருங்கள். நேரம் ஒத்துப்போனால் பாட்டில் தேவையில்லை. பாட்டிலோடு நேரம் குறைந்தால், முன்பு அளந்ததில் ஈரம் போதவில்லை. பாட்டிலை எம்எஃப்சிக்கு முன்னால் மாட்டவே கூடாது. பின்னால் மாட்டும்போதும் நடுவில் வெற்றுப் பாட்டில் ஒன்று வேண்டும். பாய்வு நின்று குழாய் குளிர்ந்தால் தண்ணீர் பின்னோக்கி ஏறும், சென்சாரின் நுண்குழாய்க்குள் போனால் கருவி அத்தோடு சரி. இந்த வெற்றுப் பாட்டிலைத் தேவைக்கு மேல் பெரிதாக எடுக்காதீர்கள். எம்எஃப்சிக்கும் படலத்துக்கும் இடையே அரை லிட்டர் காற்று நின்றால், அளக்கும் நேரத்தில் அது கால் டிகிரி சூடேறினாலே படலம் 0.4 மில்லிலிட்டர் தானாக நகரும்.

வெப்பமானியைச் சுவரில் மாட்டியிருந்தால் கழற்றிக் குழாயின் பக்கத்தில் கட்டுங்கள். 30 டிகிரியில் ஒரு டிகிரி தவறினால் T வழியாக 0.33 சதவீதம், Pw வழியாக இன்னொரு 0.26 சதவீதம், இரண்டும் ஒரே திசையில் சேரும். நிமிடத்துக்குப் பல லிட்டர் போகும் பாய்வில் ஆவியாகும் நீர் பாட்டிலையே குளிர்விக்கும் என்பதால், அங்கே அறையின் வெப்பநிலை எந்த வகையிலும் உதவாது.

அழுத்தத்தில் இப்போது புதிதாக ஒரு தொல்லை வந்திருக்கிறது. கைபேசியில் வானிலையைப் பார்த்து அழுத்தத்தை எழுதிக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். சென்னையில் பரவாயில்லை. 400 மீட்டர் உயரத்தில் உள்ள கோயம்புத்தூரில் 101.1 என்று காட்டும். அதைப் போட்டால் 98.0 என்பது 102.7 ஆகிவிடும். ஊட்டியில் யாராவது இப்படிச் செய்தால் விடையைப் படிக்கவே வேண்டாம். மேசை மேல் ஒரு பாரோமீட்டர் இருந்தால் போதும்.

கரியமில வாயுவுக்கான எம்எஃப்சியை அதே வாயுவை விட்டே இந்தக் குழாயில் அளந்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது கரைசலில் கரையும், படலத்தையும் ஊடுருவி வெளியேறும். சிறு பாய்வில் படலம் சோர்ந்து ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹீலியமும் ஹைட்ரஜனும் கூட நிமிடத்துக்குச் சில மில்லிலிட்டர் என்ற அளவில் கசிந்துவிடும். நைட்ரஜனில் அளந்து, தயாரிப்பாளர் தரும் மாற்றுக்காரணியால் பெருக்குவது வழக்கம். கரியமில வாயுவுக்கு அது 0.7-ஐ ஒட்டியது. அந்தக் காரணியிலேயே சில சதவீத ஐயம் உண்டு. எனவே நைட்ரஜனில் அரை சதவீதத்துக்குள் அளந்தேன் என்பவர், கரியமில வாயுவுக்கும் அதே அரை சதவீதத்தை எழுதி அனுப்பினால் அட்டவணை அவருக்கே திரும்பி வரும்.