குரு விரல் சாய்ந்தால் யாரிடம் போக வேண்டும்?

புணேயில் வசிக்கும் என் சித்தியின் வலது ஆள்காட்டி விரல் நடுவிரலின் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்ட கைரேகை நிபுணர் ஒருவர், குரு சனியிடம் பணிந்துவிட்டார் என்று தீர்ப்பளித்தார். ஆசைகளைக் கடமை நசுக்குகிறதாம், தன்னம்பிக்கை தளர்ந்திருக்கிறதாம். பரிகாரமாக அதே விரலில் புஷ்பராக மோதிரம் அணியச் சொன்னார். சித்தி அணிந்தார். எட்டு மாதங்களில் அம்மோதிரத்தைச் சோப்புத் தடவியும் கழற்ற இயலவில்லை, அறுத்தே எடுத்தோம்.

அந்த நிபுணர் தம் நூலுக்கு மாறாக எதுவும் சொல்லிவிடவில்லை. கைரேகை நூல்களில் ஆள்காட்டி விரல் குருவுக்குரியது: லட்சியம், அதிகாரம், தன்மதிப்பு. நடுவிரல் சனிக்குரியது: பொறுப்பு, எச்சரிக்கை, தனிமை. நுனி சதுரமானால் ஒழுங்கு, கூம்பினால் உள்ளுணர்வு. ஆனால் விரல் சாய்ந்தால் என்ன பொருள்? சாயும் விரல் தன் பலத்தை அண்டை விரலுக்குக் கொடுக்கிறது என்பர் சிலர். அண்டை விரலின் குணத்தைத் தான் வாங்குகிறது என்பர் வேறு சிலர். கொடுத்தாலும் வாங்கினாலும் பலன் சொல்லிவிடலாம். எந்த வாழ்க்கையும் பொய்யாக்க முடியாத கூற்றை எப்படி அறிவு என்பது?

உடற்கூறியல் கூறுவது எளியது. கையின் அச்சு நடுவிரல் வழியே செல்கிறது. உள்ளங்கையிலுள்ள ஒரு சிறு தசை ஆள்காட்டி விரலை நடுவிரலை நோக்கி இழுக்கிறது. மற்றொரு தசை அதை விலக்குகிறது. கையை மும்முறை உதறி மேசைமீது வைத்துப் பாருங்கள். சாய்வு ஒவ்வொரு முறையும் சற்றே மாறினால், அது நீங்கள் கை வைத்த விதம், குணமன்று.

மாறாத சாய்வுக்கும் காரணங்கள் உண்டு. பிறவியிலேயே எலும்பு வளைந்திருக்கலாம். முதுமையில் நுனிமூட்டு தேய்ந்து முடிச்சிட்டு, விரல்நுனி மட்டும் ஒருபுறம் திரும்பலாம். முடக்குவாதத்தில் விரலடி மூட்டுகள் வீங்கித் தளர, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சரியும். அப்போது ஆள்காட்டி விரல் நடுவிரலை நோக்கித்தான் செல்லும். குரு சனியிடம் பணிகின்ற அதே தோற்றம்!

சித்தியின் விரல் இரண்டாண்டுகளுக்கு முன்பு நேராக இருந்தது. காலையில் ஒரு மணிநேரத்திற்கும் மேலாக இரு கைகளும் இறுகிக் கிடந்தன. மோதிரத்தை அறுத்த பின்னரே மூட்டுவாத மருத்துவரிடம் சென்றோம்; முடக்குவாதம் என உறுதியாயிற்று. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் மூட்டின் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம். சிதைந்த மூட்டை மருந்து மீட்காது. நாங்கள் இழந்த எட்டு மாதங்களின் விலை அதுவே.

"கைரேகை வெறும் பொழுதுபோக்கு, யாருக்கு என்ன நட்டம்?" என்போருக்கு இதுவே என் மறுமொழி. இச்சாய்வு எப்போது தொடங்கியது என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது. பிறவிக் குணத்தை விரலில் படிப்பவருக்கு அக்கேள்வி தோன்றாது. ஏனெனில் அவர் நூலில் விரலுக்குக் கிரகம் உண்டு, காலம் இல்லை.