வேலையின் பெயரை விடுங்கள், வேலை நாளைப் பாருங்கள்



பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் வீடுகளில் நடக்கும் ஆலோசனைகளைக் கவனித்திருப்பீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்பதே பேச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கும், ஓரிடத்தில் மனம் நிலைக்காத பிள்ளைக்கும் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "கடையில் உட்கார வைத்துவிடு" என்பார் பெரியவர் ஒருவர். "மாமாவிடம் சொல்லி வளைகுடாவுக்கு அனுப்பிவிடு" என்பார் இன்னொருவர்.

இவ்விரண்டுமே தவறான இடங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இவை இடங்களின் பெயர்கள் மட்டுமே, வேலையின் விவரங்கள் அல்ல என்பதே என் கருத்து. ஒரே கடையில் கல்லாவும் இருக்கிறது, கணக்குப் புத்தகமும் இருக்கிறது. வளைகுடாவின் ஒரே நிறுவனத்தில் பணித்தளமும் இருக்கிறது, கோப்பு அறையும் இருக்கிறது. ஓர் இளைஞர் ஒன்றில் தழைப்பார், மற்றொன்றில் ஆறு மாதத்தில் ஒடிந்துபோவார்.

முதலில் டிஸ்லெக்ஸியாவைப் பார்ப்போம். அது அறிவுக் குறைவு அன்று. சொல்லின் ஓசைகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்தும் வேலை, மூளைக்குப் பழகிப்போன தன்னியல்பான செயலாக மாறாமல், ஒவ்வொரு முறையும் முயற்சியாகவே நிற்பதுதான் அதன் மையம். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் நேரானது. ஆகவே தமிழில் இப்பிள்ளைகள் பிழையின்றி, ஆனால் மிக மெதுவாகப் படிக்கக்கூடும். ஆங்கில எழுத்துக்கோவை அவ்வாறன்று. அங்கே தடுமாற்றம் பன்மடங்காகும். மதரஸாவின் உஸ்தாதுகள் இதைப் பெற்றோருக்கு முன்பே கண்டுகொள்ள வாய்ப்புண்டு. காதால் கேட்ட சூராக்களைத் தெளிவாக மனனமாக ஓதுகின்ற சிறுவன், புதிய பக்கத்தைப் பார்த்து ஓதச் சொன்னால் பா, தா, ஸா எழுத்துகளின் புள்ளிகளில் இடறுகிறான் என்றால், அவனைச் சோம்பேறி என்று முடிவுகட்டுமுன் யோசிக்க வேண்டும். செய்தி காதின் வழியே வரும்போது அவனுக்குத் தடையில்லை, கண்ணின் வழியே எழுத்தாக வரும்போது தடை உண்டு. பிற்கால வேலைத் தேர்வுக்கான முதல் குறிப்பு இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஆகவே எந்த வேலையைப் பற்றியும் மூன்றைக் கேட்டறியலாம். அங்கே செய்தி எவ்வழியே வருகிறது, எழுத்தாகவா, பேச்சாகவா, கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாகவா? ஒரு பிழை நேர்ந்தால் அது எத்தனை நேரத்தில் வெளிப்படும்? நேரத்தை வகுப்பவர் யார், வேலையா, மேலாளரா, இவரேயா? இவற்றுள் இரண்டாவது கேள்வியைத்தான் நம்மவர்கள் கேட்பதே இல்லை. என் பார்வையில் அதுவே மிக முக்கியமானது.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்க்கலாம். பிளஸ் டூ முடித்த ஓர் இளைஞருக்கு வாசிப்பு மெதுவாக வரும். எண்களைப் பார்த்து எழுதும்போது 61 என்பது 16 ஆகிவிடும். ஒருமுறை காட்டிக்கொடுத்த கைவேலையை மறக்கமாட்டார். குடும்பத்தார் பி.காம். படிக்க வைத்து, வளைகுடாவில் கட்டுமான நிறுவனமொன்றில் ஆவணப் பொறுப்பாளர் பணிக்கு அனுப்ப விரும்புகின்றனர். குளிர்சாதன அறை, மேசை, கௌரவமான பெயர். அதே நிறுவனத்தில் ஏ.சி. பராமரிப்புப் பிரிவிலும் இடம் உண்டு, ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவை இரண்டு ஆண்டுகள் படித்தால் அதற்குப் போகலாம். வாப்பாவுக்கு இதில் மனமில்லை. "படித்த பிள்ளை ஏணியில் ஏறுவதா?" என்கிறார்.

இப்போது அவ்விரு வேலை நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஆவணப் பொறுப்பாளர் காலை முதல் மாலை வரை வரைபட எண்களையும் திருத்த எண்களையும் கடிதங்களையும் படித்துப் பதிவு செய்ய வேண்டும். ஓர் எண் மாறிப் பதிவானால் அன்று எதுவும் நடக்காது. மூன்று வாரம் கழித்துப் பழைய வரைபடத்தை வைத்துச் சுவர் எழும்பிய பிறகுதான் தெரியவரும். அப்போது பிழையின் மூலத்தை அவராலேயே கண்டறிய முடியாது; கண்டனம் மட்டும் வந்து சேரும்.

ஏ.சி. பராமரிப்பாளரின் நாள் வேறு. குளிர் வரவில்லை என்று அழைப்பு வருகிறது. உள்ளே இருக்கும் குளிர்ச் சுருளில் பனி படிந்திருக்கிறது, உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருக்கிறது. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்: வடிகட்டி அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருக்கலாம், அல்லது வாயு கசிந்து குறைந்திருக்கலாம். முதலில் பனியை உருகவிட்டு, வடிகட்டியைக் கழுவி, விசிறி சரியாகச் சுழல்கிறதா என்று பார்க்கிறார். அதன் பிறகும் அழுத்தம் ஏறவில்லை என்றால் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் கசிவைத் தேடுகிறார். கண்டறிதல் முழுவதும் கண், காது, கை வழியே நடக்கிறது. முடிவு தவறானால் அறை குளிராது. அரைமணியில் தெரிந்துவிடும், அங்கேயே நின்று திருத்தலாம்.

இவ்வேலையிலும் எழுத்து இல்லாமல் இல்லை. உதிரிபாகம் கேட்கும்போது இயந்திரத்தின் மாதிரி எண்ணைப் பார்த்து எழுதினால் இரண்டு எழுத்துகள் இடம் மாறி, தவறான பாகம் வந்து சேரும். இதற்குத் தீர்வு எளிது: எண்ணை எழுதவே வேண்டாம், பெயர்ப்பலகையை ஒளிப்படம் எடுத்துக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும். பணி அறிக்கையைப் பத்தியாக எழுதுவதற்குப் பதில், குறியிடும் கட்டங்கள் கொண்ட படிவத்தைக் கேட்டு வாங்கலாம். ஒரு நாளில் இருபது நிமிடம் எழுத்து என்றால் இப்படிச் சமாளிக்கலாம். எட்டு மணி நேரமும் எழுத்து என்றால் எந்தச் சமாளிப்பும் நீடிக்காது.

ஆனால் ஆபத்து இத்தோடு தீர்வதில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் அவர் திறமைசாலி என்று பெயரெடுத்து மேற்பார்வையாளராக உயர்த்தப்படுவார். வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். மறுநாள் முதல் அவருடைய வேலை மின்னஞ்சல், வருகைப் பதிவு, மாத அறிக்கை என்று மாறிவிடும். அவர் தப்பிவந்த அதே கோப்பு அறை, பதவி உயர்வு என்ற பெயரில் அவரைத் தேடி வந்துவிடும். அறிக்கைகள் தாமதமாவது, மற்றவர்கள் போன பின்னும் அலுவலகத்தில் தங்குவது, மின்னஞ்சலுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது ஆகியவை இதன் அறிகுறிகள். பதவியை ஏற்குமுன்பே, எழுத்து வேலைக்கு ஓர் உதவியாளரைப் பகிர்ந்து தருவீர்களா, அல்லது மூத்த தொழில்நுட்பராகவே ஊதிய உயர்வு உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. அதற்குப் பிறகு கேட்டால் அது இயலாமையாகத் தோன்றும்.

கவனக் குறைபாடு வேறு வகை, ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சொல்வது. இவர்களுக்குக் கவனமே இல்லை என்பது சரியன்று. கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் நிறுத்துவதுதான் கடினம். எதிரே ஆள் நிற்கும்போது, வேலை உடனே பலன் காட்டும்போது இவர்கள் விரைந்து செயல்படுவார்கள். ஒரு மாதம் கழித்து வரும் கெடு இவர்கள் மனத்தில் இருப்பதே இல்லை. எனவேதான் "சொந்தத் தொழில் வைத்துக் கொடுத்தால் சரியாகிவிடுவான்" என்னும் அறிவுரையை நான் அஞ்சுகிறேன். கல்லாவில் அவர் சிறந்து விளங்குவார். வாடிக்கையாளர் கூட்டம் அவருக்கு உற்சாகம். ஆனால் மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்ய வேண்டியிருக்கும் கடையில், அதை நினைவூட்ட எந்த வாடிக்கையாளரும் வரமாட்டார். தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறும். கடன் கொடுத்த பாக்கி வசூலாகாமல் கிடக்கும். கடையை மச்சானோடு கூட்டாக நடத்தி, கல்லா இவரிடமும் கணக்கு அவரிடமும் இருந்தால் அதே தொழில் நிலைக்கும். வேலையில் சேர்பவராயின், அன்றைய பணி அன்றே முடிந்து வேறொருவரிடம் ஒப்படைக்கப்படும் முறைப்பணிகள் இவர்களுக்குப் பொதுவாக ஏற்றவை. வீட்டிலிருந்து தனியே செய்யும் வேலை, சுதந்திரமாகத் தோன்றினாலும், பலருக்கு மிகக் கடினமானதாகிவிடுகிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் எல்லாரும் மேதைகள், படமாகச் சிந்திப்பவர்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் இப்பேச்சை நம்பிப் பிள்ளையைக் கட்டடக் கலைக்கு அனுப்பாதீர்கள். சிலருக்கு அத்திறன் உண்டு, சிலருக்கு இல்லை. உங்கள் பிள்ளைக்கு எது உண்டு என்பதை வேலை செய்ய வைத்துத்தான் அறிய முடியும்.

அதற்கு இரண்டு வாரம் போதும். விடுமுறையில் உறவினரின் பட்டறையிலோ, மருந்துக் கடையிலோ, அச்சகத்திலோ சம்பளமின்றியேனும் நிறுத்துங்கள். ஒவ்வொரு மாலையும் மூன்றைக் கேட்டு நீங்களே குறித்துக்கொள்ளுங்கள், அவரை எழுதச் சொல்ல வேண்டாம்: இன்று எந்த நேரம் விரைவாகப் போயிற்று, எங்கே பிழை நேர்ந்தது, அதை யார் எப்போது கண்டார்கள். அதே பிழை அதே வகைப் பணியில் இரண்டாவது வாரமும் திரும்பத் திரும்ப வந்தால் அது பழக்கமின்மை அன்று, பொருத்தமின்மை. முதல் வாரத்தில் வந்து இரண்டாவது வாரத்தில் குறைந்தால் கற்றுக்கொண்டிருக்கிறார்.

சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு தடைபடும் என்று அஞ்சிப் பரிசோதனைக்கே போகாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது, ஏ.டி.எச்.டி. அதில் தனியாக இடம்பெறவில்லை. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்றவர்களுக்கு அரசுப் பணியில் உள்ள 4 விழுக்காடு ஒதுக்கீட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளோடு சேர்த்து 1 விழுக்காடு உண்டு. பணியிடத்தில் நியாயமான வசதிகளைச் செய்து தரும் கடமை அரசு நிறுவனங்களுக்கு உண்டு. வளைகுடா வேலைக்கு இச்சான்றால் பயனில்லை. அங்கும் தனியார் நிறுவனங்களிலும் குறைபாட்டின் பெயரைச் சொல்வதைவிடத் தேவையைச் சொல்வது பலன் தரும்: "உத்தரவை வாயால் சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிறேன்" என்று கேட்டால் மறுக்கும் மேலாளர் அரிது.

நேர்காணலில் கேட்கத் தகுந்த கேள்வியும் ஒன்று உண்டு. "இந்தப் பணியில் இப்போது இருப்பவர் நேற்றுக் காலை வந்தது முதல் மாலை வரை என்னென்ன செய்தார்?" என்று பணிவோடு கேட்கலாம். பொறுப்புகள் என்னவென்று கேட்டால் விளம்பரத்தில் உள்ளதையே ஒப்பிப்பார்கள். நேற்றைய நாளைக் கேட்டால், எத்தனை மணி நேரம் திரையின் முன், எத்தனை மணி நேரம் மனிதர்களோடு, எத்தனை மணி நேரம் கைவேலையில் என்பது அவர்கள் வாயாலேயே வந்துவிடும்.